பழைய பைக்குக்கு நியாய விலை எது? பத்து விளம்பரங்களும் ஒரு நேர்கோடும்

சித்தூரைச் சேர்ந்த மின்பணியாளர் ஒருவர் நம் கிளையின் நெடுநாள் வாடிக்கையாளர். அவருடைய மகளுக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது. தங்குமிடத்திலிருந்து அலுவலகம் செல்ல ஒரு பைக் தேவைப்பட்டது. முதிர்வடைந்த தொடர் வைப்புக் கணக்கில் 60,000 ரூபாய் இருந்தது. நான்கு ஆண்டுகள் ஓடிய 100 சிசி வண்டி ஒன்றுக்கு விற்பவர் 66,000 ரூபாய் கேட்டார். பெயர் மாற்றம், காப்பீடு ஆகியவற்றையும் சேர்த்தால் ஏறத்தாழ 10,000 ரூபாய் குறைந்தது. மனைவியின் வளையல்களை அடகு வைத்து நகைக்கடன் பெறலாம் என்று எண்ணி அவர் நம்மிடம் வந்தார்.

"அந்த விலை சரியான விலைதானா?" என்று கேட்டோம். "மார்க்கெட் ரேட் அதுதான் என்கிறார் சார்" என்றார். விண்ணப்பப் படிவத்தை எடுத்து வைப்பதற்கு முன், அந்த மார்க்கெட் ரேட்டைக் கணக்கிட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். அன்று மாலை அவரும் நாமும் ஒரு விரிதாளில் செய்த கணக்கையே இங்கு எழுதுகிறோம். வாசகர் கையால் சரிபார்க்க எளிதாக இருக்கும்படி எண்களை முழு ஆயிரங்களாக அமைத்திருக்கிறோம். அவற்றை இன்றைய சந்தை விலை என்று கொள்ள வேண்டா. முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்களை அவரவர் திரட்டிக்கொள்வதே சரி.

காப்பீட்டு மதிப்பு ஏன் போதாது?

பலர் முதலில் பார்ப்பது காப்பீட்டுப் பத்திரத்தில் உள்ள ஐ.டி.வி. என்னும் மதிப்பை. உற்பத்தியாளர் அந்த மாடலுக்கு இப்போது குறித்துள்ள விற்பனை விலையிலிருந்து, வண்டியின் வயதுக்கேற்ப ஒரு விழுக்காட்டைக் கழித்து இதனைக் கணக்கிடுகின்றனர். ஓராண்டு முதல் ஈராண்டு வரை 20 விழுக்காடு, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 விழுக்காடு என்பது வழக்கமான அட்டவணை. ஐந்தாண்டைக் கடந்த வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி முடிவு செய்வர்.

வண்டி களவு போனாலோ முற்றிலும் அழிந்தாலோ எவ்வளவு தருவது என்பதற்காக ஏற்பட்ட அட்டவணை இது. எல்லா மாடலுக்கும் இது பொதுவானது. நான்காம் ஆண்டு நிறைந்த மறுநாளே கழிவு 40 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காட்டுக்குத் தாவிவிடுகிறது. சந்தையில் எந்த வண்டியும் ஓர் இரவில் அவ்வாறு விலை இழப்பதில்லை. தேவை மிகுந்த மாடலும் எவரும் விரும்பாத மாடலும் ஒரே வேகத்தில் மலிவதும் இல்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு மாடல் நம் ஊரில் என்ன விலைக்குக் கேட்கப்படுகிறது என்பதை நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளம்பரங்களைத் திரட்டுதல்

ஓ.எல்.எக்ஸ். போன்ற இணைய விளம்பரத் தளங்களில் ஊரையும் மாடலையும் தெரிவு செய்தால், விற்பனைக்கு உள்ள வண்டிகள் வரிசையாக வரும். சித்தூரை மட்டும் எடுத்தால் ஒரே மாடலில் போதிய விளம்பரங்கள் கிடைப்பது அரிது. திருப்பதி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. வண்டி வாங்க அங்குச் சென்று வருவது எவருக்கும் இயலும். எனவே இரு நகரங்களையும் ஒரே சந்தையாகக் கொண்டோம். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரல் 4ஆம் நாள். அதற்கு முன்பு இரு நகரங்களும் ஒரே சித்தூர் மாவட்டத்தில் இருந்தன. வண்டி எந்த ஊரில் உள்ளது என்பதைப் பதிவெண்ணைக் கொண்டு முடிவு செய்யலாகாது. முன்பு சித்தூர் மாவட்டத்துக்கு ஏபி 03 என்ற எண் இருந்தது. 2019 முதல் மாநிலம் முழுமைக்கும் ஏபி 39 என்ற பொது வரிசை வந்துவிட்டது. ஆகையால் விளம்பரத்தில் உள்ள இடத்தையே குறித்துக்கொண்டோம்.

திரட்டும்போது மூன்று விதிகளைக் கடைப்பிடித்தோம்.

முதலாவது, ஒரே மாடல், ஒரே வகை. பிரேக்கிலும் சக்கரத்திலும் வேறுபட்ட வகைகளைக் கலந்தால், அவற்றுக்கிடையே உள்ள விலை வேறுபாடு வயதின் கணக்கில் புகுந்துவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் வந்த வண்டிகளைத் தனித்தனியே கணக்கிட முடிந்தால் அதுவே நலம். பத்து வண்டிகளே கிடைத்தமையால் நாம் பிரிக்கவில்லை. ஆனால் முடிவில் அந்த எல்லையில் விலை படி போல் இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

இரண்டாவது, ஒரே வண்டியை இருமுறை எண்ணக் கூடாது. பழைய வண்டி வணிகர்கள் ஒரே வண்டியை வெவ்வேறு படங்களுடன் இரண்டு மூன்று முறை வெளியிடுவதுண்டு. நிறம், கிலோமீட்டர், படத்தின் பின்னணி ஆகியவற்றை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

மூன்றாவது, வாங்க எண்ணியுள்ள வண்டியைப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. எந்த விலையைச் சோதிக்கிறோமோ அந்த விலையே அளவுகோலுக்குள் புகுந்தால், அளவுகோல் அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

ஒவ்வொரு வண்டிக்கும் வயது, கேட்ட விலை, ஓடிய கிலோமீட்டர், விளம்பரம் வெளியான நாள் ஆகிய நான்கையும் எழுதினோம். வயதைப் பதிவுச் சான்றில் உள்ள உற்பத்தி மாதத்திலிருந்து கணக்கிட வேண்டும். டிசம்பரில் செய்து ஜனவரியில் பதிவான வண்டியை விற்பவர் ஓராண்டு இளையதாகவே சொல்வார். நான்கு ஆண்டு ஆறு மாதம் என்றால் 4.5 என்று எழுதலாம்.

நேர்கோடு எவ்வாறு பிறக்கிறது?

பத்து வண்டிகளின் வயதையும் கேட்ட விலையையும் கீழே காணலாம். விலை ஆயிரம் ரூபாயில் உள்ளது. கடைசி இரண்டு பத்திகள் கணக்குக்குப் பின் நாம் நிரப்பியவை.

| வயது | கேட்ட விலை | கோடு காட்டும் விலை | எச்சம் |
|---|---|---|---|
| 2 | 72 | 70 | +2 |
| 2 | 68 | 70 | −2 |
| 3 | 66 | 65 | +1 |
| 4 | 64 | 60 | +4 |
| 4 | 57 | 60 | −3 |
| 5 | 53 | 55 | −2 |
| 6 | 48 | 50 | −2 |
| 7 | 47 | 45 | +2 |
| 8 | 39 | 40 | −1 |
| 9 | 36 | 35 | +1 |

வணிகவியல் படித்தோர் கல்லூரியில் தொடர்புப் போக்கு என்ற பெயரில் கற்றதுதான் இந்தக் கணக்கு. வரைபடத்தாளில் பத்துப் புள்ளிகளை இட்டால் அவை இடமிருந்து வலமாக இறங்கும். அவற்றின் நடுவே பலவாறாகக் கோடுகள் போடலாம். எந்தக் கோட்டிலிருந்து புள்ளிகளின் விலகல்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் மிகச் சிறிய தொகை வருகிறதோ, அந்தக் கோட்டை எடுத்துக்கொள்வது மீச்சிறு வர்க்க முறை. வால்மீன்களின் பாதையைக் கணிக்கும் நூலொன்றில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் இதனை 1805இல் வெளியிட்டார். வால்மீனுக்குப் பயன்பட்ட முறை பைக்குக்கும் பயன்படுகிறது.

கையாலேயே செய்துவிடலாம். வயதுகளின் சராசரி 5. விலைகளின் சராசரி 55. ஒவ்வொரு வண்டிக்கும் வயது சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது, விலை எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, இரண்டையும் பெருக்க வேண்டும். முதல் வண்டிக்கு வயது விலகல் −3, விலை விலகல் +17, பெருக்கினால் −51. இவ்வாறு பத்துக்கும் பெருக்கிக் கூட்டினால் −270 வருகிறது. வயது விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 54. முன்னதைப் பின்னதால் வகுத்தால் −5. அதாவது வண்டிக்கு ஓர் ஆண்டு கூடினால் கேட்கும் விலை சராசரியாக 5,000 ரூபாய் குறைகிறது. கோடு சராசரிப் புள்ளி வழியே செல்ல வேண்டும் என்பதால், 55 உடன் 5 × 5 ஐக் கூட்ட 80 கிடைக்கிறது. ஆகவே நம் சமன்பாடு இதுதான்: கேட்கும் விலை = 80 − 5 × வயது.

விரிதாளில் வயதை A2 முதல் A11 வரையிலும் விலையை B2 முதல் B11 வரையிலும் இட்டால், நான்கு சூத்திரங்கள் போதும்.

```
=SLOPE(B2:B11,A2:A11)
=INTERCEPT(B2:B11,A2:A11)
=STEYX(B2:B11,A2:A11)
=FORECAST(4,B2:B11,A2:A11)
```

முதலாவது −5 என்றும் இரண்டாவது 80 என்றும் தரும். நான்காவது, நான்கு வயது வண்டிக்குக் கோடு காட்டும் விலையான 60 ஐத் தரும். விலையை முதலிலும் வயதை அடுத்தும் எழுத வேண்டும் என்பதை மறக்கலாகாது. மாற்றி எழுதினாலும் விரிதாள் ஒரு விடையைத் தந்துவிடும், ஆனால் அது வேறொரு கேள்விக்கான விடையாக இருக்கும்.

மூன்றாவது சூத்திரத்துக்கு விடை ஏறத்தாழ 2.45. எச்சங்கள் வழக்கமாக எவ்வளவு பெரியவை என்பதை இது சொல்கிறது. ஒரே வயதுள்ள வண்டிகளின் விலை கோட்டிலிருந்து இரண்டரை ஆயிரம் ரூபாய் மேலும் கீழும் இருப்பது இயல்பு என்று பொருள். இதன் இரு மடங்குக்கு மேல் விலகிய வண்டி ஏதோ ஒரு காரணத்தால் விலகியிருக்க வேண்டும். உண்மையான பட்டியலில் புள்ளிகள் நம் எடுத்துக்காட்டைவிட மிகவும் சிதறியே இருக்கும். நான்காயிரம், ஐந்தாயிரம் என்று வந்தால் வியக்க வேண்டியதில்லை. அப்போது கோட்டின் விடையையும் அந்த அளவுக்குத் தளர்வாகவே கொள்ள வேண்டும்.

எச்சம் சொல்லும் செய்தி

இந்தக் கணக்கில் வாங்குபவர் மிகுதியாகக் கவனிக்க வேண்டியது எச்சத்தை, அதாவது கேட்ட விலைக்கும் கோட்டு விலைக்கும் உள்ள வேறுபாட்டை. நான்கு வயதுள்ள இரு வண்டிகளைப் பாருங்கள். ஒன்று 64,000, மற்றது 57,000. முதல் வண்டி 18,000 கிலோமீட்டரும் இரண்டாவது 52,000 கிலோமீட்டரும் ஓடியவை. இடையே 34,000 கிலோமீட்டர், 7,000 ரூபாய். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்று ஆகிறது. இரு வண்டிகளைக் கொண்டு இதனை விதியாக்க முடியாது. ஆனால் எச்சத்துக்குக் காரணம் தேட வேண்டிய இடம் எது என்பதை இது காட்டுகிறது.

கிலோமீட்டரையும் சமன்பாட்டில் சேர்த்துவிடலாமே என்று தோன்றும். பத்து வண்டிகளில் அது பலிக்காது. வயது கூடக் கூடக் கிலோமீட்டரும் கூடுவதால், விலை குறைந்தது வயதாலா ஓட்டத்தாலா என்று கணக்கால் பிரித்துச் சொல்ல இயலாது. ஒரு வண்டியைக் கூட்டினாலோ குறைத்தாலோ விடை தலைகீழாகும். நாற்பது ஐம்பது விளம்பரங்கள் கிடைத்தால் மட்டும் இரண்டையும் சேர்க்கலாம். அதுவரை, வயதுக்குக் கோடு போட்டுவிட்டுக் கிலோமீட்டரை எச்சத்தோடு ஒப்பிடுவதே பாதுகாப்பான வழி.

எச்சம் தட்டச்சுப் பிழையையும் காட்டிக்கொடுக்கும். ஒன்பது வயது வண்டியின் விலையை 36 என்பதற்குப் பதிலாக 63 என்று இலக்கம் மாற்றி இட்டுவிட்டோம் என்று கொள்வோம். ஒரே ஓர் எண். ஆயினும் ஆண்டுக்கு 5,000 குறைகிறது என்ற விடை 3,000 குறைகிறது என்று மாறிவிடும். கோட்டின் ஓரத்தில் உள்ள புள்ளிக்கு, துலாக்கோலின் நுனியில் வைத்த எடையைப் போல, வலு அதிகம். எச்சங்களைப் பார்த்தால் அந்த வண்டி 17,000 ரூபாய் மேலே தனித்து நிற்கும், பிழை உடனே தெரியும். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். விலை நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வண்டியை நீக்கக் கூடாது. இலக்கப் பிழை, விபத்து வண்டி, வேறு மாடல் என்று விலைக்கு வெளியே ஒரு காரணம் கிடைத்தால் மட்டுமே நீக்க வேண்டும்.

கேட்ட விலை வேறு, விற்ற விலை வேறு

இதுவரை கண்ட கோடு, மக்கள் கேட்கும் விலையின் கோடு. பணம் கைமாறிய விலை விளம்பரத்தில் வருவதில்லை. இன்னொரு சாய்வும் உண்டு. நியாயமான விலையில் உள்ள வண்டி இரண்டு மூன்று நாளில் விற்றுப் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். மிகையாகக் கேட்கப்படும் வண்டி மாதக் கணக்கில் அங்கேயே நிற்கும். ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் பட்டியலில் விற்காத வண்டிகளே விகிதத்துக்கு மிஞ்சி இருக்கும். கோடும் உண்மையான சந்தைக்குச் சற்று மேலேயே நிற்கும்.

இதற்காகத்தான் விளம்பர நாளையும் குறித்தோம். முப்பது நாளுக்கு உட்பட்டவற்றை மட்டுமே பட்டியலில் வைத்தோம். மேலும் நம் வாடிக்கையாளர், அண்மையில் இதே மாடலை விற்ற நால்வரிடம் தொலைபேசியில் கேட்டறிந்தார். 70,000 கேட்டவர் 66,000க்கும், 60,000 கேட்டவர் 56,000க்கும், 52,000 கேட்டவர் 50,000க்கும், 45,000 கேட்டவர் 43,000க்கும் விற்றிருந்தனர். கேட்ட தொகை மொத்தம் 2,27,000. பெற்ற தொகை 2,15,000. இடைவெளி ஏறத்தாழ 5 விழுக்காடு. நால்வர் சொல் சிறிய சான்றுதான். ஆயினும் இடைவெளியே இல்லை என்று கொள்வதைக் காட்டிலும் அது மேலானது.

இப்போது அவர் பார்த்த வண்டிக்கு வருவோம். வயது 4. கோட்டு விலை 60,000. ஐந்து விழுக்காடு கழித்தால் 57,000. இயல்பான சிதறலான இரண்டரை ஆயிரத்தைச் சேர்த்தும் கழித்தும் பார்த்தால், நியாய விலை 54,500 முதல் 59,500 வரை. ஓட்டம் 31,000 கிலோமீட்டர். பட்டியலில் உள்ள வண்டிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர் ஓடியிருந்தமையால், நான்கு ஆண்டுக்கு இது இயல்பான ஓட்டமே. கூட்டவோ குறைக்கவோ காரணமில்லை. விற்பவர் கேட்ட 66,000 கோட்டுக்கு 6,000 மேலே இருந்தது. பின் டயரும் பேட்டரியும் புதியவை என்று அவர் சொன்னார். அது உண்மைதான். ஆனால் அவை வாங்குபவருக்கு அடுத்த ஓரிரு ஆண்டில் வரவிருந்த செலவைத் தள்ளிப்போடுகின்றன, அவ்வளவே. விற்பவர் கட்டிய முழுத் தொகையையும் விலையில் ஏற்ற முடியாது.

மிகவும் மலிவான வண்டி

பட்டியலை முடித்த பின்பு, திருப்பதியில் அதே வயதுள்ள வண்டி ஒன்று 46,000 ரூபாய்க்கு விளம்பரமாயிற்று. கோட்டுக்கு 14,000 கீழே. நம் வாடிக்கையாளரின் முகம் மலர்ந்தது. நமக்கோ ஐயம் தோன்றியது. இயல்பான சிதறல் இரண்டரை ஆயிரம் என்று இருக்கையில், அதன் ஐந்து மடங்குக்கும் மேல் ஒருவர் தாமாக விட்டுக்கொடுக்கிறார் என்றால், நாம் அறியாத ஒன்றை அவர் அறிந்திருக்க வேண்டும்.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகையால் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தர அஞ்சுகிறார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமின்றி விலகுகிறார். சந்தையில் குறையுள்ளவை மிகுகின்றன. இவ்வகை ஆய்வுக்காக 2001இல் அவர் வேறிருவருடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்தார். ஆக, கோட்டுக்கு வெகு கீழே உள்ள விலையை ஒரு கேள்வியாகக் கொள்ள வேண்டும். அதற்கு விடை தேடிய பின்பே அது சலுகையா என்று சொல்ல முடியும்.

விடையைத் தேட முதலில் செல்ல வேண்டிய இடம் பரிவாகன் தளம். பதிவெண்ணை இட்டுப் பார்த்ததில், அந்த வண்டி கடன் ஈட்டில் இருப்பதாகக் காட்டியது. கடன் தந்த நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35ம் இல்லாமல் அந்தப் பதிவு நீங்காது. விற்பவரிடம் கேட்டபோது தவணைகள் நிலுவையில் உள்ளன என்று ஒப்புக்கொண்டார். 14,000 ரூபாய் எங்குப் போயிற்று என்பது விளங்கிவிட்டது. வேறு சில மலிவு விளம்பரங்களில் வண்டியே இருப்பதில்லை. இடமாற்றம் வந்துவிட்டது, முன்பணம் அனுப்பினால் வண்டியை அனுப்பி வைக்கிறேன் என்பார்கள். கியூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண்ணை இடுவது பணம் கொடுக்கும் செயல். பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை என்பதை வங்கியாளராக இங்கும் சொல்லிவைக்கிறோம்.

தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டிகளும் சித்தூர்ப் பக்கம் மலிவாகத் தோன்றுவதுண்டு. வேலூர் அருகிலேயே இருப்பதால் இது இயல்பு. பிற மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும், ஆந்திரத்துக்கு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்தச் செலவைக் கேட்டறிந்து விலையோடு கூட்டிய பின்பே கோட்டோடு ஒப்பிட வேண்டும். கூட்டினால் பெரும்பாலும் மலிவு மறைந்துவிடும்.

கோடு செல்லாத இடங்கள்

நம் பட்டியலில் வயது 2 முதல் 9 வரை உள்ளது. அதற்கு வெளியே இந்தச் சமன்பாட்டை நீட்டக் கூடாது. 16 வயது வண்டிக்கு அது சுழியம் என்னும். இரும்பு விலைக்குக் கூட ஒரு தொகை உண்டல்லவா? புத்தம் புதிய வண்டிக்கு 80,000 என்னும். முதல் ஆண்டில் விலை செங்குத்தாக விழுவதைக் கோடு அறியாது. முதிய வண்டிகள் பல இருந்து, எச்சங்கள் இரு ஓரங்களிலும் மேலாகவும் நடுவில் கீழாகவும் அமைந்தால், விலை நேர்கோடாக இன்றி வளைவாக இறங்குகிறது என்று அறியலாம். அப்போது ஆண்டுக்கு இத்தனை ரூபாய் என்பதைவிட ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கணக்கிடுவதே பொருந்தும்.

கோட்டுக்குக் காலாவதியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையுள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக்கு முன் 100 ரூபாயாக இருந்தது முன்பு 128 ரூபாய்க்கு விற்றது, பின்பு 118 ஆயிற்று. புதிய வண்டி ஏறத்தாழ 8 விழுக்காடு மலிந்தால் பழைய வண்டியும் பழைய விலையில் நிற்க முடியாது. ஆனால் விற்பவர் தாம் வாங்கிய விலையையே நினைத்துக் கேட்பார். அந்நாளுக்கு முந்தைய விளம்பரங்களையும் பிந்தையவற்றையும் கலந்து போட்ட கோடு இரண்டு காலத்துக்குமே பொருந்தாது. இதைப் போல வரியோ மாடலோ மாறும்போதெல்லாம் புதிதாகத் திரட்ட வேண்டும்.

நம் வாடிக்கையாளர் அந்த விரிதாளைத் தாளில் அச்சிட்டு, சித்தூர் வண்டியின் உரிமையாளரிடம் எடுத்துச் சென்றார். தம் மெக்கானிக்கையும் அழைத்துச் சென்று இன்ஜினைச் சோதித்தார். பத்து விலைகளையும் ஒன்றாகப் பார்த்தபின் விற்பவர் மார்க்கெட் ரேட் என்ற சொல்லை மீண்டும் எடுக்கவில்லை. புதிய டயருக்கும் பேட்டரிக்கும் சிறிது இடம் கொடுத்து 58,000 ரூபாய்க்குப் பேசி முடித்தனர். எஞ்சிய 2,000 ரூபாய் பெயர் மாற்றத்துக்கும் காப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டது. படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பம் பெற்று, காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாளுக்குள் விண்ணப்பித்தார்.

நகைக்கடன் விண்ணப்பம் நம் மேசை இழுப்பறையிலேயே நிரப்பப்படாமல் இருந்தது. ஒரு கடன் குறைந்ததில் கிளைக்கு வருத்தமில்லை. வளையல்கள் வீட்டிலேயே இருந்தன.